இராத்திரியில் ஆர்எச் 48க்கும் 65க்கும் நடுவே ஆடுது: சென்சாரா, ஸ்ப்ரே பம்பா, டேம்பரா?

மில்மின்சாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரியிலிருந்து அரூர் போற ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசரா இருக்கேன். காற்றோட ஈரப்பதத்தைப் பார்த்துக்கிற ஹெச் பிளான்ட்டும் என் பொறுப்புதான். ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பிளான்ட்: சப்ளை ஃபேன், ரிட்டர்ன் ஃபேன், ரெண்டு வரிசை நாசில், ஸ்ப்ரே பம்புக்கு விஎஃப்டி. ஃப்ரெஷ் ஏர், ரிட்டர்ன் ஏர், எக்ஸாஸ்ட் மூணு டேம்பரும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு ஓடும். ஆர்எச் செட் பாயின்ட் 58.

பகலில் பிரச்சினை இல்லை. இராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல, அதுவும் மழை விட்ட பிறகு வர்ற குளிர் நாட்களில், ஆர்எச் ஊஞ்சல் மாதிரி ஆடுது. நேத்து இராத்திரி பதிவிலிருந்து ஒரு சுற்று தர்றேன்:

1.10: அறை 34.6 டிகிரி, ஆர்எச் 60. ஃப்ரெஷ் டேம்பர் முழுசா திறக்குது.
1.18: 32.6 டிகிரி, ஆர்எச் 48. பம்ப் 50 ஹெர்ட்ஸில் முழு வேகம்.
1.36: 31 டிகிரி, ஆர்எச் 50. டேம்பர் மூடுது.
1.45: 31.5 டிகிரி, ஆர்எச் 65. பம்ப் குறைஞ்சபட்ச வேகம்.
அப்புறம் சூடு மெதுவா ஏறி, ரெண்டு மணி வாக்கில் மறுபடியும் 34.6.

விடியும் வரைக்கும் இதேதான். சைடர் அக்காங்க அரை மணி நேரம் எண்ட் பிரேக்கோட மல்லுக்கட்டுறாங்க, அடுத்த அரை மணி ரோலரில் சுத்தின லேப்பிங்கை வெட்டுறாங்க. வெளியே அந்த நேரம் 20 டிகிரி, ஆர்எச் 90. வெளியே அவ்வளவு ஈரம் இருக்கும்போது டேம்பர் திறந்ததும் உள்ளே ஆர்எச் எப்படி விழும்? சென்சார் பொய் சொல்லுதுன்னு மேனேஜர் சொல்றார். புது சென்சார் வாங்கணுமா?

---

கிணற்றுத்தண்ணீர் எழுதியது:

சென்சாரை விடுங்க, நாசிலைப் பாருங்க. நான் ஊத்தங்கரை பக்கம் மில்லில் ஃபிட்டர். நம்ம ரெண்டு மாவட்டத்துப் போர் தண்ணியும் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்த ஊரு. அந்தத் தண்ணியில் உப்பும் சுண்ணாம்பும் ஏகத்துக்கும் இருக்கு. மூணு மாசத்தில் நாசில் வாய் பாதி அடைச்சுக்கும். பம்ப் 50 ஹெர்ட்ஸில் ஓடியும் ஆர்எச் ஏறலைன்னா தண்ணி சரியா தூவலைன்னுதான் அர்த்தம். கழற்றி லேசான ஆசிட்டில் ஊற வையுங்க, எலிமினேட்டரில் படிஞ்ச வெள்ளையையும் சுரண்டுங்க. டேங்க் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வடியவிட்டுப் புதுத் தண்ணி சேர்த்துக்கிட்டே இருந்தா இவ்வளவு சீக்கிரம் படியாது.

---

ஓசூர்_பிஎல்சி எழுதியது:

சார், இது லூப் டியூனிங் பிரச்சினை. ஓசூரில் நிறைய பேனல் போட்டிருக்கேன், ரெண்டு லூப் சண்டை போட்டா இப்படித்தான் ஆடும். ஆர்எச் லூப் பம்பை ஓட்டுது, டெம்பரேச்சர் லூப் டேம்பரை ஓட்டுது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு துரத்துது. பம்ப் பிஐடியில் கெயினைப் பாதியாக்குங்க.

இன்னொண்ணு, வெளியே ஆர்எச் 90 இருக்கும்போது ஃப்ரெஷ் டேம்பரைத் திறக்கவே கூடாது. ஈரக் காத்தை உள்ளே விட்டு நாமே தொல்லையை வாங்கிக்கிறோம். 75க்கு மேல போனா டேம்பரை மினிமத்தில் பூட்டிடணும்.

---

பட்டுமனை_தளி எழுதியது:

நான் தேன்கனிக்கோட்டை பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறேன். இளம்புழுவுக்கு ஆர்எச் 85க்கு மேல வேணும், 27 டிகிரி வேணும். நாங்க ஒரு ஃபாகரைத் தொங்கவிட்டு டைமர் போட்டிருக்கோம். நீங்களும் ஃபிரேமுக்கு மேல ஃபாகர் தொங்கவிட்டா செலவு கம்மியாகுமே? அப்படியே நீங்க போட்டிருக்கிற சென்சார் எங்க மனைக்கு ஒத்துவருமான்னும் சொல்லுங்க.

---

காற்றுக்கூடம் எழுதியது:

மில்மின்சாரம் தம்பி, உங்க பதிவு நல்லா இருக்கு. எந்த நேரத்தில் டேம்பர் என்ன பண்ணுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் விடை. பல வருஷம் ஹெச் பிளான்ட்டில் கிடந்தவன், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல நீங்க கேட்ட கேள்வி. வெளிக்காற்று 20 டிகிரியில் 90 சதவீதம். அந்த ஒரு கிலோ காற்றில் இருக்கிற தண்ணி ஏறக்குறைய 14 கிராம். உங்க அறைக்காற்று 32 டிகிரியில் 58 சதவீதம். அதில் இருக்கிறது 18 கிராமுக்கும் மேல. சதவீதத்தைப் பார்த்தா வெளிக்காற்று ஈரமா தெரியுது, கிராமைப் பார்த்தா அறைக்காற்றைவிடக் காய்ஞ்சது. அந்த வெளிக்காற்றை ஒரு சொட்டுத் தண்ணி தூவாம 32 டிகிரிக்குச் சூடாக்கினா ஆர்எச் 44தான் வரும். அதனால டேம்பர் திறந்ததும் 48க்கு விழுந்தது இயற்கை, சென்சார் பொய் சொல்லலை.

அடுத்து, பம்ப் முழு வேகத்தில் ஓடியும் ஏன் தூக்க முடியலை? தண்ணி தூவுற வாஷருக்குள்ள போற காற்று எந்த நிலையில் இருந்தாலும், வெளியே வரும்போது அதோட ஈரக்குமிழ் வெப்பநிலைக்குப் பக்கத்தில் வந்து நிக்கும். உங்க வெளிக்காற்றுக்கு அது 19 டிகிரி. 19 டிகிரியில் காற்று நிறைஞ்சுபோச்சுன்னா அதுக்கு மேல ஒரு கிராம் தண்ணிகூட ஏத்திக்காது. பம்ப் 40 ஹெர்ட்ஸில் ஓடினா என்ன, 50இல் ஓடினா என்ன? அந்தக் காற்று மெஷின் சூட்டை வாங்கி 19லிருந்து 27க்குப் போய் நின்னா ஆர்எச் 60க்கு வந்துடும். ஆனா அறை உடனே 27க்கு இறங்காது. ஃபிரேம் இரும்பு, தரை, சுவர் எல்லாம் 34 டிகிரியில் ஊறி இருக்கு, அது சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். காற்று ரெண்டு நிமிஷத்தில் மாறிடும், இரும்பு மாற முக்கால் மணி ஆகும். அந்த இடைவெளியில்தான் உங்க 48.

மூடும்போது இதுக்கு நேர் எதிர். இரும்பு ஆறி இருக்கு, வாஷரிலிருந்து 24 டிகிரியில் நிறைஞ்ச காற்று வருது, இரும்பு சூட்டை விழுங்கறதால அறை எதிர்பார்த்த அளவு சூடாகலை. ஆர்எச் 65க்கு எகிறுது. லேப்பிங் வருது.

ஆக, டேம்பர் 10க்கும் 100க்கும் தாவுறதுதான் ஆட்டத்தோட வேர். அதை யார் தாவச் சொல்றாங்கன்னு பிஎல்சியில் பாருங்க. தம்பி ஓசூர்_பிஎல்சி, ரெண்டு லூப் சண்டைன்னு நீங்க சொன்னதில் பாதி சரி. ஆனா பம்ப் கெயினைக் குறைச்சா எதுவும் மாறாது, ஏன்னா 1.18க்குப் பம்ப் கையில் அதிகாரமே இல்லை. வெளி ஆர்எச் 75ன்னு பூட்டுறது நிச்சயம் தப்பு.

பட்டுமனை நண்பருக்கு: ரிங் ஃபிரேமில் ஆவியாகாத துளி ரோலரில் விழுந்தா அங்கேயே பஞ்சு சுத்திக்கும், அதுக்கு மேல ஃபிரேம் சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்றோட்டமும் வேணும். உங்க மனையில் அந்தச் சூடு கிடையாது, ஃபாகர் உங்களுக்குச் சரிதான். சென்சாரைப் பொறுத்தவரை, 85க்கு மேலேயே எப்பவும் இருக்கிற இடத்துக்கு அதுக்குன்னு வர்றதை வாங்குங்க.

---

மில்மின்சாரம் எழுதியது:

காற்றுக்கூடம் ஐயா, ரொம்ப நன்றி. நீங்க சொன்னபடி புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பேனல் போட்டவங்க எழுதினது இது:

```
IF T_ROOM > 34.5 THEN HOT := TRUE; END_IF;
IF T_ROOM < 31.0 THEN HOT := FALSE; END_IF;
IF HOT THEN FA := 100;
ELSIF RH_OUT > 75 THEN FA := 10;
ELSE FA := FA_DAY;
END_IF;
```

பகலில் வெளி ஆர்எச் 75க்குக் கீழ இருக்கறதால கடைசி வரி ஓடுது, ஆட்டம் இல்லை. இராத்திரி 75ஐத் தாண்டினதும் நடு வரி மூடிடுது. மூடினா ரிட்டர்ன் காற்றே சுத்திச் சுத்தி வருது, சூடு வெளியே போக வழி இல்லாம 34.5க்கு ஏறுது, உடனே 100க்குத் திறக்குது. 31க்கு இறங்கினதும் மூடுது. என் பதிவில் இருக்கிறது அப்படியே இந்த ஆறு வரிதான்.

ஆனா மேனேஜர் சென்சாரை விடமாட்டேங்கிறார். ரெண்டு சென்சாரில் ஒண்ணு எப்பவும் 5, 6 அதிகமா காட்டுது. அதை எப்படித் தீர்க்கிறது? நாசில் பத்தி கிணற்றுத்தண்ணீர் அண்ணன் சொன்னதையும் தள்ள முடியலை.

---

நூல்தரம் எழுதியது:

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மில்லில் குவாலிட்டியில் இருக்கேன். சென்சாரைச் சரிபார்க்க எளிய வழி: சமையல் உப்பில் கொஞ்சமா தண்ணி விட்டுச் சேறு மாதிரி பிசைஞ்சு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க. சென்சார் முனையை உப்பில் படாம உள்ளே விட்டு வாயை டேப் போட்டு அடைச்சு, வெப்பநிலை மாறாத அறையில் சில மணி நேரம் விடுங்க. 75 காட்டணும். ரெண்டு புள்ளி முன்னே பின்னே இருந்தா பரவாயில்லை. வைக்கிறதுக்கு முன்னாடி முனையில் இருக்கிற ஃபில்டர் தொப்பியைக் கழற்றிப் பஞ்சை ஊதிடுங்க. எங்க மில்லில் பாதி நேரம் கோளாறு அந்தத் தொப்பியில்தான். பஞ்சு அப்பிக்கிட்டா சென்சார் தப்பா காட்டறதைவிடத் தாமதமா காட்டும். அது இன்னும் மோசம்.

டிபார்ட்மென்ட்டுக்குள்ள ஒப்பிட, சுத்தற சைக்ரோமீட்டரே போதும். உலர் 32, ஈரம் 25 வந்தா ஆர்எச் 57. திரி அழுக்கா இருந்தா ஈரக்குமிழ் அதிகமா காட்டும், புதுத் திரி போட்டு டிஸ்டில்டு வாட்டரில் நனைச்சுட்டுச் சுத்துங்க.

அந்த அதிகமா காட்டற சென்சார் எங்கே மாட்டி இருக்கு? சப்ளை டிஃப்யூசருக்குக் கீழேயா?

---

மில்மின்சாரம் எழுதியது:

ஆமா மேடம், டிஃப்யூசருக்கு நேர் கீழே இருக்கிற தூணில். உப்பு டப்பாவில் வெச்சேன், ரெண்டுமே 74, 76ன்னு காட்டுச்சு. அப்போ சென்சார் நல்லாத்தான் இருக்கு, மாட்டின இடம்தான் தப்பு. ரெண்டு ஃபிரேமுக்கு நடுவே, கிரீல் உயரத்துக்கு மாத்திட்டோம். இப்போ ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு புள்ளிதான்.

வாஷரையும் அளந்தேன். உள்ளே போற காற்று 31 டிகிரி, ஈரக்குமிழ் 24.5. வெளியே வர்றது 25.1. இது நல்லதா கெட்டதா?

---

காற்றுக்கூடம் எழுதியது:

நல்லது. 31லிருந்து 24.5 வரைக்கும் இறங்க வாய்ப்பு 6.5 டிகிரி, அதில் 5.9 இறங்கியிருக்கு. 90 சதவீதம். நாசில் அடைச்சிருந்தா இது 75, 80க்கு வந்திருக்கும். உங்க இராத்திரி ஆட்டத்துக்கு நாசில் காரணம் இல்லை.

---

கிணற்றுத்தண்ணீர் எழுதியது:

அளந்து சொன்னா ஒத்துக்கிறேன். ஆனா இந்த அளவை மாசாமாசம் எழுதி வையுங்க தம்பி. சித்திரை, வைகாசியில் வெளியே 38 டிகிரி அடிக்கும்போது ஒவ்வொரு நாசிலும் வேணும். அப்போ 90, 82ஆ இறங்கினா ஆசிட் எடுக்க வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு தெரியும்.

---

ஓசூர்_பிஎல்சி எழுதியது:

கிராம் கணக்கு எனக்குப் புதுசு, ஏத்துக்கிறேன் ஐயா. அப்படின்னா வெளி ஆர்எச்சுக்குப் பதிலா எதை வெச்சு டேம்பரை முடிவு பண்றது? வெளிக்காற்றில் இருக்கிற கிராமை ரிட்டர்ன் காற்றோட ஒப்பிடலாமா?

---

காற்றுக்கூடம் எழுதியது:

கிராம் வேண்டாம், ஈரக்குமிழ் போதும். வாஷர் இருக்கிற பிளான்ட்டில் காற்று எப்படியும் ஈரக்குமிழுக்குத்தான் வந்து நிக்கப்போகுது. வெளி ஈரக்குமிழ், ரிட்டர்ன் ஈரக்குமிழைவிடக் குறைவா இருந்தா வெளிக்காற்று அறையைக் குளிர வைக்கும். கூடுதலா இருந்தா வெளிக்காற்றை எடுக்கறது நஷ்டம். தருமபுரியில் வருஷத்தில் பெரும்பகுதி வெளி ஈரக்குமிழ் குறைவாத்தான் இருக்கும், கோடையில்கூட. சூடு அதிகம், ஆனா காற்று காய்ஞ்சது.

அந்த ஒப்பீடு "எடுக்கலாமா" என்பதை மட்டும் சொல்லும். "எவ்வளவு" என்பதை அறை வெப்பநிலை சொல்லணும், அதுவும் தாவாம, ஏறுமுகமா. இப்படி எழுதிப் பாருங்க:

```
IF TW_OUT < TW_RET - 1.0 THEN
  FA := LIMIT(10.0, 10.0 + 30.0*(T_ROOM - 31.0), 100.0);
ELSE
  FA := 10.0;
END_IF;
```

31 டிகிரியில் 10, 34இல் 100. நடுவில் எங்கே சூடு சமன்படுதோ அங்கே தானா நின்னுடும். உங்க இராத்திரிக்கு மூணில் ஒரு பங்கு வெளிக்காற்று போதும்னு என் கணக்கு. அறை 32க்குக் கொஞ்சம் கீழே நிக்கும். ஈரக்குமிழ் வரம்பில் அரை டிகிரி ஹிஸ்டரிசிஸ் சேர்த்துக்குங்க, இல்லைன்னா எல்லையில் நின்னு திரும்பத் திரும்ப மாறும். வெளி சென்சாருக்கு நிழல் கூடு கட்டுங்க, எக்ஸாஸ்ட் காற்று அது மேல வீசக்கூடாது.

டேம்பர் நின்னுட்டா ஆர்எச்சைப் பம்ப் பார்த்துக்கும். பம்போட குறைஞ்சபட்ச வேகம் எவ்வளவு வெச்சிருக்கீங்க? 35 ஹெர்ட்ஸில் அழுத்தம் பாதியாயிடும், நாசில் தூவாது, ஒழுகும். அதுக்குக் கீழ போகவிடாதீங்க.

---

மில்மின்சாரம் எழுதியது:

ஐயா, மாத்தி ஓட்டிட்டோம். நேத்து இராத்திரி வெளியே 20.5 டிகிரி. டேம்பர் 28க்கும் 37க்கும் நடுவிலேயே இருந்துச்சு, அறை 31.6லிருந்து 31.9. ஆர்எச் 56லிருந்து 59. பம்ப் 42 ஹெர்ட்ஸ் வாக்கில். பம்ப் மினிமம் 25இல் இருந்தது, 35 ஆக்கிட்டேன். இராத்திரி ஷிஃப்ட் சைடர் ஒருத்தர் காலையில் வந்து "என்னப்பா பண்ணீங்க, இன்னிக்கு ரோலர் சுத்தவே இல்லை"ன்னு கேட்டார்.

இப்போ மேனேஜர் அடுத்ததைக் கேக்கிறார். பம்ப் 42இல் ஓடுது, இன்னும் இடம் இருக்கே, சப்ளை ஃபேனை 50லிருந்து 40 ஹெர்ட்ஸுக்குக் குறைச்சா கரண்ட் பாதியாகும்னு ஆடிட்டில் சொல்லியிருக்காங்களாம்.

---

காற்றுக்கூடம் எழுதியது:

கரண்ட் பாதியாகும், அது உண்மை. ஆனா இதையும் பாருங்க. இப்போ வாஷரிலிருந்து 24.5இல் வர்ற காற்று 32க்குப் போகுது, 7.5 டிகிரி ஏற்றம். முழுசா நிறைஞ்ச காற்றா இருந்தாலும் அறையில் கிடைக்கிற உச்ச ஆர்எச் 64. காற்றை 80 சதவீதமாக்கினா அதே சூட்டுக்கு ஏற்றம் 9.4 டிகிரி ஆகும். அறையை 32லேயே வைக்கணும்னா சப்ளை 22.6இல் வரணும், அப்போ உச்சம் 57. வாஷர் நூறு சதவீதம் கிடையாது, அதனால 55தான் கையில் நிக்கும். பம்பை 50க்கு ஏத்தினாலும் அந்த உச்சத்தைத் தாண்டாது. உச்சத்தைத் தீர்மானிக்கிறது ஃபேன்தான், பம்ப் கிடையாது.

---

நூல்தரம் எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு ஐயா. எங்க மில்லில் ரிங் ஃபிரேமை 55இல்தான் ஓட்டறோம், எண்ட் பிரேக் கூடலை. ஆடாம 55இல் நிக்கிறது, ஆடிக்கிட்டே 58ஐச் சராசரியா தர்றதைவிட மேல். பருத்தியையும் கவுண்ட்டையும் பொறுத்து 45 ஹெர்ட்ஸ் வரைக்குமாவது முயற்சி பண்ணிப் பார்க்கலாமே?

---

காற்றுக்கூடம் எழுதியது:

45 பண்ணிப் பாருங்க, தடுக்கலை. ஆனா குளிர் காலத்தில் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. ஏப்ரலில் வெளி ஈரக்குமிழ் 24க்குப் போகும்போது அறை எவ்வளவு சூடாகுதுன்னு பார்த்துட்டுப் பேசலாம். 50க்குத் திரும்ப வேண்டி வரும்னு நினைக்கிறேன்.

---

கிணற்றுத்தண்ணீர் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. கரண்ட் போய் வந்தா என்ன பண்ணுது? எங்க மில்லில் ஒரு தடவை ஃபிரேம் எல்லாம் நின்னு கிடக்கு, பிளான்ட்டு மட்டும் ஜெனரேட்டரில் ஓடி, பம்ப் தண்ணியை அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அரை மணியில் ரோவிங் பாபின் எல்லாம் நமுத்துப்போச்சு. ஃபிரேம் ஓட்டினதும் எங்க பார்த்தாலும் லேப்பிங்.

---

மில்மின்சாரம் எழுதியது:

அண்ணா, நல்ல வேளை கேட்டீங்க. இங்கேயும் அப்படி ஒரு இன்டர்லாக் இல்லை. ரிங் ஃபிரேம் ஃபீடரோட கரண்ட்டை எடுத்து, அது ஒரு அளவுக்குக் கீழ போனா பம்ப் நிக்கிற மாதிரி எழுதப்போறேன். திரும்ப ஓட்டும்போது முதல்ல ஃபேன் மட்டும், ஃபிரேமில் பாதிக்கு மேல ஓடி ஆர்எச் 55க்குக் கீழ வந்த பிறகு பம்ப். இது சரியா ஐயா?

---

காற்றுக்கூடம் எழுதியது:

சரி. ஃப்ரெஷ் டேம்பரையும் அந்த நேரம் 10இல் வையுங்க. மெஷின் சூடு இல்லாதப்போ இராத்திரி வெளிக்காற்றை இழுத்தா இரும்பு ஆறிடும், திரும்ப ஓட்டும்போது 65ஐத் தாண்டும். வாரக் கடைசி ஷிஃப்ட் முடிச்சுப் பிளான்ட்டை நிறுத்தும்போதும் பம்பை முன்கூட்டியே நிறுத்திட்டு, ஃபேனை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்க.